கருப்புக் காய்க்குச் சின்ன ஓப்பனிங் தொகுப்பு: e4-க்கும் d4-க்கும் ஒரே அமைப்பு போதுமா?

ஐஸ்பிளான்ட்_மண்டபம்

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல ஐஸ் கம்பெனியில ஷிப்ட் வேலை. ரேட்டிங் 1500 பக்கம். ராமநாதபுரத்துல ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப்புக்குப் போவேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் ஐஸ் ஓட்டம் குறைவு. அந்த ரெண்டு மாசத்துல கருப்புக் காய்க்கு ஒரு ஓப்பனிங்கை உருப்படியாப் படிச்சு முடிச்சிரணும்னு இருக்கேன்.

இதுவரைக்கும் e4 வந்தா சிசிலியன் டிராகன், d4 வந்தா கிங்ஸ் இண்டியன். ரெண்டும் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது. பத்தாவது நகர்த்தல் வரைக்கும் ஞாபகம் இருக்கும். எதிராளி ஒண்ணு மாத்தி ஆடினா அதுக்கப்புறம் என்ன செய்யணும்னே புரியாது. அதனால போன மாசம் கிளப்ல ஒருத்தர் சொன்னபடி மாத்திட்டேன். எது வந்தாலும் c6, d5, அப்புறம் பிஷப்பை f5-ல வெளிய எடு, பிறகு e6. e4-க்கு எதிரா நல்லா வந்துச்சு. d4-க்கு எதிரா முதல் ஆட்டமே இப்படிப் போச்சு:

```
1.d4 d5 2.c4 c6 3.Nf3 Nf6 4.Nc3 Bf5
5.cxd5 cxd5 6.Qb3 Qb6 7.Nxd5
```

ஏழாவதுக்கு நான் பார்த்தது இது: ராணியை வெட்டுவேன், அவர் a சிப்பாயால திருப்பி வெட்டுவார், நான் d5 குதிரையை வெட்டுவேன், ஒரு குதிரை லாபம். தைரியமா Qxb3 வச்சேன். அவர் ராணியைத் தொடவே இல்லை. Nxf6+ வச்சு முதல்ல செக் கொடுத்தார். நான் gxf6 வெட்டினதுக்கு அப்புறம்தான் axb3. எண்ணிப் பார்த்தா எனக்கு ஒரு சிப்பாய் குறைவு, f வரிசையில இரட்டைச் சிப்பாய், அவரோட ரூக்குக்கு a வரிசை திறந்து கிடக்கு. நாற்பது நகர்த்தல் இழுத்தேன், காப்பாத்த முடியலை.

ஒரே அமைப்பை ரெண்டுக்கும் வச்சுக்கலாமா, இல்லை இந்த யோசனையே தப்பா? வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கிடைக்கும்.

---

பாம்பன்_அலை

தம்பி, யோசனை தப்பே இல்லை. c6, d5, Bf5, e6 இதுதான் நானும் பத்து வருஷமா ஆடுறேன். பிஷப் உள்ள மாட்டிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். நீங்க தோத்தது Qb6-னால. அங்க b6 சிப்பாயைத் தள்ளியிருந்தா b7 பிரச்சினை முடிஞ்சு போச்சு. ஓப்பனிங்கைக் குத்தம் சொல்லாதீங்க.

---

கீழக்கரை_செஸ்

பாம்பன் தம்பி சொல்றதுல பாதி சரி. c6-d5 ரெண்டுக்கும் பொருந்தும். e4-க்கு அது காரோ-கான், d4-க்கு ஸ்லாவ். ஆனா Bf5 எல்லா இடத்துலயும் பொருந்தாது. அந்த ஆட்டத்துல தப்பு ஆறாவது நகர்த்தல்ல இல்லை, நாலாவதுலயே ஆயிடுச்சு.

பலகையை எடுத்து 6.Qb3 வந்த நிலையை அடுக்கிப் பாருங்க. பிஷப் c8-ஐ விட்டுப் போனதால b7 சிப்பாய்க்குக் காவல் இல்லை. அதே நேரத்துல d5 சிப்பாயை c3 குதிரையும் b3 ராணியும் சேர்ந்து பார்க்குது. உங்க பக்கம் d5-ஐக் காக்குறது f6 குதிரையும் d8 ராணியும். ரெண்டுக்கு ரெண்டு சரியா இருக்கு. b7-ஐக் காப்பாத்த ராணி b6-க்கோ c8-க்கோ போன உடனே d5-க்கு ஒரு காவல் குறையும், சிப்பாய் விழும். Qd7 ரெண்டையும் காக்குற மாதிரி இருக்கும், ஆனா குதிரை e5-ல வந்து விரட்டும். ஒரே ராணி ரெண்டு வாசலுக்குக் காவல் நிக்குது.

பாம்பன் தம்பி சொன்ன b6:

```
6...b6 7.e4 dxe4 8.Ne5
```

இப்ப f7-ல மேட் மிரட்டல். e6 தள்ளி மறைச்சா Bb5+ செக். ராஜா நடுவுலயே கிடக்கு. 7.e4-ஐ வெட்டாம இருக்கலாம்தான், ஆனா 1500-ல கடிகாரம் ஓடும்போது வெட்டிருவோம். அந்த நிலையில என்னைக் கேட்டா மானம் பார்க்காம 6...Bc8 திரும்பிப் போறதுதான் குறைஞ்ச சேதம். வெளிய வந்த பிஷப் வீட்டுக்குப் போகணும்னா வெளிய வந்ததே தப்புன்னுதானே அர்த்தம்?

---

பாம்பன்_அலை

காக்கா, அப்ப எனக்கு எப்படி இத்தனை வருஷம் ஓடுச்சு? நிறைய பேர் என்கிட்ட e3 வச்சுத்தான் ஆடுவாங்க. Bf5 வச்சு நல்லாத்தான் இருந்துச்சு.

---

கீழக்கரை_செஸ்

அதுல நீங்க சரி. 4.e3 வந்தா Bf5 நல்ல நகர்த்தல். அவரோட குதிரை இன்னும் b1-ல இருக்கு. 5.cxd5 cxd5 6.Qb3 வந்தாலும் d5-ஐ ராணி மட்டும்தான் பார்க்குது, நீங்க நிம்மதியா Qc7 வைக்கலாம். அவரோட c1 பிஷப்பும் e3-க்குப் பின்னால அடைபட்டிருக்கு. 5.Nc3 வந்தா e6 வச்சு d5-ஐக் கெட்டிப்படுத்திருவீங்க. உங்களுக்குப் பத்து வருஷம் ஓடினது எதிராளிகள் e3 ஆடினதால.

அதனால நகர்த்தலை மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா ஒரு கேள்வியை மனசுல வைங்க. பிஷப்பைத் தொடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது: வெள்ளைக் குதிரை c3-ல இருக்கா, c4 சிப்பாய் என் d5-ஐத் தொட்டுக்கிட்டு இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா பிஷப் இப்ப வெளிய போகக் கூடாது. முதல்ல c4-ஐ வெட்டிரணும்.

```
4.Nc3 dxc4 5.a4 Bf5 6.e3 e6
7.Bxc4 Bb4 8.O-O O-O
```

அதே பிஷப், அதே f5. ஒரு நகர்த்தல் தள்ளிப் போகுது, அவ்வளவுதான். ஆனா இப்ப வெட்டுறதுக்கு c4-ல சிப்பாயும் இல்லை, தாக்குறதுக்கு d5-ல சிப்பாயும் இல்லை. b5 தள்ளி நீங்க c4-ஐ வச்சுக்கக் கூடாதுன்னுதான் அவர் a4 ஆடுறார். அதுல b4 கட்டம் ஓட்டையாகி உங்க இன்னொரு பிஷப்புக்கு நிரந்தர இடம் கிடைக்குது. அதுக்கப்புறம் அவர் Qe2 வச்சு e4 தள்ளப் பார்ப்பார். நீங்க Nbd7 வச்சு c5 இல்லைன்னா e5 உடைக்கப் பார்க்கணும்.

1935-லயும் 1937-லயும் அலெகைனும் யூவேவும் உலகப் பட்டத்துக்கு மோதினப்பவே ஸ்லாவை ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப ஆடியிருக்காங்க. நம்ம ஆனந்த் 2008-ல பான் நகரத்துல கிராம்னிக்கை மூணாவது ஆட்டத்துலயும் அஞ்சாவது ஆட்டத்துலயும் கருப்புக் காய்ல ஜெயிச்சது இதோட உறவுக்காரன் செமி-ஸ்லாவ்ல. அது பிஷப்பை உள்ளேயே வச்சுட்டு e6 ஆடுற வேற பாதை. வாரத்துக்கு நாலு மணி நேரம் வச்சிருக்கிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம், மனப்பாடம் அதிகம்.

---

தொண்டி_டீச்சர்

எங்க பள்ளிக்கூடத்துல எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைங்க பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்க கேட்கிற இந்தக் காரோ-கானையே நானும் ஆரம்பிச்சு வச்சேன். ஒரு பையன் போட்டியில ஆறாவது நகர்த்தல்ல மேட் ஆயிட்டான். பலகையையே பார்த்துக்கிட்டு இருந்தான், எழுந்திரிக்கவே இல்லை, அவன் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிட்டேன்.

```
1.e4 c6 2.d4 d5 3.Nc3 dxe4 4.Nxe4 Nd7
5.Qe2 Ngf6 6.Nd6#
```

e7 சிப்பாய் குதிரையை வெட்ட முடியாது, ராணி e2-ல இருந்து அதைக் கட்டி வச்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த ஓப்பனிங் சரிப்படுமா? வேற என்ன கொடுக்கலாம்?

---

கீழக்கரை_செஸ்

டீச்சர், தம்பி கேட்டது தன்னோட கிளப் ஆட்டத்துக்கு. உங்க பிள்ளைங்களுக்கு என் பதில் வேற. அந்த வயசுல e4-க்கு e5, d4-க்கு d5 ஆடட்டும். திறந்த பலகையில அடி வாங்கி அடி கொடுத்துப் பழகணும், மூடின அமைப்பெல்லாம் அப்புறம். அந்தப் பையன்கிட்ட Nd7 தப்பான நகர்த்தல் இல்லைன்னு சொல்லுங்க. அதை உலகச் சாம்பியன்களே ஆடியிருக்காங்க. Qe2-வைப் பார்த்ததும் அது ஏன் அங்க வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும்.

மண்டபம் தம்பிக்கு அந்தக் குழியே வராத மாதிரி நான் சொல்றது 4...Nf6. 5.Nxf6+ வந்தா e சிப்பாயால வெட்டுங்க, exf6. இரட்டைச் சிப்பாயைப் பார்த்துப் பயப்படாதீங்க. ரெண்டு பிஷப்புக்கும் வழி திறந்திருக்கு. Bd6, காஸ்லிங், Re8. மூணு நகர்த்தல்ல எல்லாம் முடிஞ்சு போகும், ராஜாவுக்கு முன்னால சுவர் மாதிரி சிப்பாய் நிக்கும்.

ஆனா ஒரு எச்சரிக்கை, இதை நோட்டுல சிவப்பு மையில எழுதுங்க. அந்த அமைப்புல ராணிப் பக்கம் அவருக்கு நாலு சிப்பாய், உங்களுக்கு மூணு. ராஜாப் பக்கம் உங்களுக்கு நாலு இருந்தாலும் ரெண்டு ஒரே வரிசையில நிக்கிறதால அதுல ஒரு கடந்த சிப்பாயை உருவாக்குறது நடக்காத காரியம். காய் எல்லாம் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய் ஆட்டம் ஆச்சுன்னா பெரும்பாலும் தோல்விதான். சமமா இருக்குன்னு நினைச்சு ராணியை வெட்டு, ரூக்கை வெட்டுன்னு போறவங்க இதுலதான் மாட்டுறாங்க. குறைஞ்சது ரூக்காவது பலகையில இருக்கணும்.

---

தனுஷ்கோடி_ரூக்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. c6-க்குப் பதிலா e6. e4-க்கு பிரெஞ்சு, d4-க்கு குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட். அதுவும் e6-d5ன்னு ஒரே அமைப்புதான். d5 எப்பவும் கெட்டியா இருக்கும், Qb3 வந்தாலும் b7 பக்கத்துல பிஷப் காவல் இருக்கும். நீங்க பேசுற இந்த வியாதியே அங்க இல்லை. பன்னிரண்டு வருஷம் ஆடினவன் சொல்றேன்.

---

கீழக்கரை_செஸ்

அந்த வியாதி இல்லைதான், ஆனா c8 பிஷப் முப்பதாவது நகர்த்தல் வரைக்கும் வீட்டுலயே உட்கார்ந்திருக்குமே.

---

தனுஷ்கோடி_ரூக்

உட்கார்ந்திருக்கட்டும் காக்கா. காவலுக்கு ஒரு ஆள் வேணும்ல. கெட்ட பிஷப்பை வச்சே நிறைய ஆட்டம் காப்பாத்தியிருக்கேன். எனக்கு நடுவுல அடிபடுறதைவிட நெருக்கடியில உட்கார்றது பிடிக்கும். தம்பி ரெண்டையும் பத்துப் பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும்.

---

ஐஸ்பிளான்ட்_மண்டபம்

ரொம்ப நன்றி. ராத்திரி ஷிப்ட்ல பலகை வச்சு எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தேன். இப்ப ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, e4-க்கு எதிரா சிப்பாயை வெட்டி c4 தள்ளுறவங்க இருக்காங்க: 3.exd5 cxd5 4.c4 Nf6 5.Nc3. இங்கேயும் c3-ல குதிரை, c4 சிப்பாய் d5-ஐத் தொடுது. காக்கா கேள்விப்படி Bf5 கூடாது, சரிதானே?

ரெண்டாவது, ஸ்லாவ்ல மூணாவதுலயே வெட்டினா புத்தகத்துல இப்படி இருக்கு:

```
3.cxd5 cxd5 4.Nc3 Nf6 5.Nf3 Nc6 6.Bf4 Bf5
```

இங்க குதிரை c3-ல இருக்கு, d5-ம் தனியா நிக்குது. இருந்தும் Bf5 ஆடுறாங்க. இது எப்படிப் பொருந்துது?

---

கீழக்கரை_செஸ்

முதல் கேள்வி நூத்துக்கு நூறு சரி. அந்த பானோவ் தாக்குதல்ல 5...e6 வச்சு Be7, காஸ்லிங். பிஷப் அங்க உள்ளதான் இருக்கும், அப்புறம் b6 வச்சு b7-ல இருந்து பார்க்கும். e4-ல ஆரம்பிச்ச ஆட்டமா d4-ல ஆரம்பிச்ச ஆட்டமாங்கிறது முக்கியமே இல்லை, c4 சிப்பாய்தான் முக்கியம்னு நீங்களே பிடிச்சிட்டீங்க.

ரெண்டாவது கேள்விக்கு நான் முன்னாடி சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும், விட்டுட்டேன். உங்க தோத்த ஆட்டத்துல ராணிப் பக்கக் குதிரை b8-லயே இருந்துச்சு. இங்க c6-க்கு வந்திருச்சு. இப்ப 7.Qb3 வந்தா Na5ன்னு ராணியையே தாக்கலாம். 8.Qa4+ செக் கொடுப்பார், Bd7 வச்சு மறைச்சா ராணிதான் ஓடணும். அவர் அவசரப்படாம 7.e3 ஆடினா நீங்க e6. அப்புறம் 8.Qb3 வந்தாலும் Bb4. d5-க்கு e6 காவல், c3 குதிரை கட்டுப்பட்டுப் போச்சு.

c4 தள்ளாம வெட்டிட்டு Bd3 வைக்கிறவங்ககிட்டயும் இதே குதிரைதான் உதவி. ஃபிஷர் 1970-ல பெல்கிரேட்ல பெட்ரோசியனை அடிச்சது அந்த வழியில:

```
3.exd5 cxd5 4.Bd3 Nc6 5.c3 Nf6 6.Bf4 Bg4 7.Qb3 Na5
```

பிஷப் வெளிய வந்ததும் Qb3 வந்துருச்சு பாருங்க. ஆனா c3-ல அவரோட சிப்பாயே நிக்குது, குதிரைக்கு அந்தக் கட்டம் இல்லை, d5-க்கு ரெட்டைத் தாக்குதல் கிடையாது. பெட்ரோசியன் தோத்தது ஓப்பனிங்ல இல்லை, அப்புறம் ராஜாப் பக்கம் அடி வாங்கினதுல. உங்களுக்கு அந்த நிலையில வேலை ராணிப் பக்கம், b சிப்பாயை b5, b4-ன்னு தள்ளி c3-ஐ உடைக்கிறது.

---

பாம்பன்_அலை

காக்கா, இதை ஒப்புக்கிறேன். நேத்து நான் சேமிச்சு வச்ச பழைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். Nc3 வந்த ஆட்டங்கள்ல பாதிக்கு மேல b7 போயிருக்கு. அதெல்லாம் நடு ஆட்டத்துல தோத்ததா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பிக்கு நான் ஒண்ணு சொல்றேன், இது நானே அடிபட்டது. e4 ஆடிட்டு மூணாவதுல e5 தள்ளுறவங்ககிட்ட Bf5 சரி. ஆனா அடுத்து h4 வந்தா யோசிக்காம e6 வைக்காதீங்க. g4 வரும், Be4, f3, Bg6, h5ன்னு பிஷப்பைக் கூண்டுல அடைச்சிருவாங்க. நாலாவதுக்கே பதிலுக்கு h5 வச்சிருங்க.

---

தேவிபட்டினம்64

எல்லாம் சரி, எங்க பக்கம் c4 ஆடுறவங்களையே பார்க்க முடியலை. d4 ஆடுறவங்க எல்லாம் லண்டன்தான், ரெண்டாவதுலயே Bf4. அதுக்கு இதுல என்ன இருக்கு? நான் பேசாம Bf5 வைக்கிறேன்.

---

ஐஸ்பிளான்ட்_மண்டபம்

நேத்து உள்ளூர் போட்டியில அஞ்சு சுற்று ஆடிட்டு வந்தேன், அதையும் சேர்த்துச் சொல்றேன். கருப்புக் காய் மூணு ஆட்டம். ஒண்ணுல 4.Nc3 வந்துச்சு, கை பிஷப் பக்கம் போனது உண்மை, நிறுத்திட்டு dxc4 வச்சேன். அவர் a4-க்குப் பதிலா உடனே e4 தள்ளினார். அதுக்கு நான் ஒண்ணும் படிக்கலை. b5 வச்சு சிப்பாயைப் பிடிச்சுக்கிட்டேன், e5, Nd5ன்னு போய் ஒரு வழியா டிரா. இன்னொண்ணு காரோ-கான், exf6 அமைப்பு. எதிராளி ராணியை வெட்ட ரெண்டு தடவை கேட்டார், ரெண்டு தடவையும் விலகிட்டேன். ஜெயிச்சேன்.

மூணாவது லண்டன். தேவிபட்டினம் அண்ணன் சொன்ன மாதிரியே Bf5 வச்சேன், சமமா முடிஞ்சது, ஆனா எனக்கு ஆட ஒண்ணுமே இல்லை. நோட்டுல அந்தப் பக்கம் இன்னும் காலிதான்.

---

கீழக்கரை_செஸ்

அந்த e4-க்கு நீங்க ஆடினது சரியான வழிதான் தம்பி, b5, e5 Nd5. அடுத்து a4 வரும், e6 வச்சு உறுதியா இருங்க. இந்த வாரம் அந்த ஒரு வரியை மட்டும் நோட்டுல ஏத்துங்க. ஒவ்வொரு போட்டி முடிஞ்சும் எங்க படிப்பு தீர்ந்துச்சோ அங்க இருந்து ஒரு வரி, அதுக்கு மேல சேர்க்காதீங்க.

லண்டனுக்கு Bf5 தப்புன்னு சொல்ல மாட்டேன். c4 சிப்பாய் இன்னும் வரலை, ஆபத்து குறைவு. ஆனா நீங்களே சொன்ன மாதிரி ஆட்டம் உப்புச் சப்பில்லாம போகும். உங்க தோத்த ஆட்டத்தைத் திருப்பி அவர் பக்கம் வைங்க. இப்ப சீக்கிரமா பிஷப்பை வெளிய எடுத்தது யாரு? அவர். அப்ப b2 யாருடைய காவல்ல இருக்கு?

```
1.d4 d5 2.Nf3 Nf6 3.Bf4 c5 4.e3 Nc6 5.c3 Qb6
```

---

தேவிபட்டினம்64

c6 இல்லாம நேரா c5-ஆ? அப்ப ஒரே அமைப்புன்னு ஆரம்பிச்சது என்ன ஆச்சு காக்கா? இதுக்கும் அவர் Qb3 வச்சு ராணிக்கு எதிரா ராணி நிறுத்துவார்.

---

கீழக்கரை_செஸ்

நிறுத்துவார். அப்ப c4 தள்ளுங்க. ராணியை வெட்டினா நீங்க axb6, ரூக்குக்கு a வரிசை திறக்கும். அது எனக்குப் பிடிச்ச நிலை. உங்களுக்குப் பிடிக்குமான்னு ஆடித்தான் பார்க்கணும்.

---

தனுஷ்கோடி_ரூக்

நான் அப்பவும் e6தான் வைப்பேன். தம்பி, அடுத்த ஞாயிறு ராமநாதபுரம் வந்தா சொல்லுங்க. நான் வெள்ளைக் காய்ல லண்டன் ஆடுறேன், காக்கா சொன்ன Qb6-ஐ வச்சுப் பார்ப்போம்.

---

ஐஸ்பிளான்ட்_மண்டபம்

வர்றேன் அண்ணே. காலையில முதல் பஸ்ல கிளம்பிருவேன், ரெண்டு பலகை இருந்தா நல்லது. ஒண்ணுல ஆடுவோம், இன்னொண்ணுல 6.Qb3 c4-க்கு அப்புறம் அவர் ராணியை வெட்டாம Qc2 போனா என்னன்னு அடுக்கிப் பார்க்கணும். எனக்கு அங்க Bf5 கண்ணுல படுது, ராணி வெட்டினா b2 போகும் போல இருக்கு, ஆனா போன தடவை ஒரு செக்கைப் பார்க்காம விட்டவன் நான். இதைப் பலகையில வச்சு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் நோட்டுல எழுதுவேன்.